நிறுவனப் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகளைக் கணக்கேட்டில் பதிவது எப்படி?

ஒரு சிறு உற்பத்தி நிறுவனத்தின் சம்பளக் கணக்கை நான் முதன்முதலாகப் பொறுப்பேற்றபோது, ஒவ்வொரு மாதமும் வருங்கால வைப்பு நிதிச் சலானை 15ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு, கட்டிய மொத்தத் தொகையையும் "பி.எஃப். செலவு" என்ற ஒரே கணக்கில் பற்று வைத்துவந்தேன். வங்கிக் கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்பினேன். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துவிட்டு, "எல்லாச் சலானும் கட்டியாயிற்று என்கிறீர்கள், பிறகு ஏன் 12 மாத பி.எஃப். இன்னும் கட்டாமல் நிற்கிறது?" என்று கேட்டார். பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்துவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

விகிதங்களும் வரம்புகளும் மாறக்கூடியவை என்பதால், 2025 ஜூன் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, அந்த மாதத்தில் நடப்பிலிருந்த விதிகளின்படியே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வேறு மாதத்துக்குப் பதிவு செய்யும்போது விகிதங்களையும் விதிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவின் அமைப்பு மாறாது.

## 1. யாருடைய பணம் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சலானில் ஒரே தொகையாகத் தெரிவதற்குள் இரண்டு வேறுபட்ட பணங்கள் இருக்கின்றன. முதலாவது ஊழியர் பங்கு. அது ஊழியரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுவது. நிறுவனம் அதை வாங்கி உரிய இடத்தில் சேர்க்கும் கைமாற்றுப் பணி மட்டுமே செய்கிறது. மொத்தச் சம்பளத்தை நீங்கள் ஏற்கெனவே செலவாக எழுதிவிட்டதால், இந்தப் பங்கு அந்தச் செலவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரண்டாவது நிறுவனப் பங்கு. இது சம்பளத்துக்கு மேல் நிறுவனம் தன் கையிலிருந்து போடும் தொகை. இதற்கு மட்டுமே தனியாக ஒரு செலவுக் கணக்கு வேண்டும்.

வைப்பு நிதியில் ஊழியர் பங்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 விழுக்காடு. நிறுவனமும் 12 விழுக்காடு போடுகிறது. ஆனால் அது முழுவதும் வைப்பு நிதிக்குப் போவதில்லை. 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதம் மட்டுமே வைப்பு நிதியில் சேர்கிறது. ஓய்வூதியப் பகுதிக்கு 15,000 ரூபாய்ச் சம்பளம் வரை மட்டுமே கணக்கு. எனவே ஒருவருக்கு அது மாதம் 1,250 ரூபாயைத் தாண்டாது. இவற்றுக்கு மேல், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்துக்கு 0.5 விழுக்காடும், நிர்வாகக் கட்டணமாக 0.5 விழுக்காடும் நிறுவனமே செலுத்த வேண்டும். காப்பீட்டுப் பகுதிக்கும் 15,000 ரூபாய் வரம்பு உண்டு. நிர்வாகக் கட்டணம், உறுப்பினர்கள் உள்ள நிறுவனத்துக்கு மாதம் 500 ரூபாய்க்குக் குறையாது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. இதைவிட எளிது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனப் பங்கு 3.25 விழுக்காடு. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமன்று. படிகள் பெரும்பாலானவையும் சேர்ந்தது. ஆகவே வைப்பு நிதிக்கான சம்பளத் தொகையும் இ.எஸ்.ஐ.க்கான சம்பளத் தொகையும் ஒன்றாக இருக்காது. சம்பளப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள்.

## 2. கணக்குத் தலைப்புகளைச் சம்பளம் போடுவதற்கு முன்பே திறந்துவையுங்கள்

செலவுப் பக்கத்தில் சம்பளக் கணக்கைத் தவிர நான்கு கணக்குகள் போதும்: பி.எஃப். நிறுவனப் பங்கு, இணைப்புக் காப்பீட்டுப் பங்கு, பி.எஃப். நிர்வாகக் கட்டணம், இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு. வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் போகும் பகுதிகளைச் செலவில் இரண்டாகப் பிரித்து வைப்பவர்களும் உண்டு. நான் ஒன்றாகவே வைக்கிறேன். ஓர் ஊழியருக்கு 58 வயது நிறைந்துவிட்டால் ஓய்வூதியப் பகுதி நின்று, 12 விழுக்காடும் வைப்பு நிதிக்கே போகும். அப்போதும் நிறுவனத்தின் செலவு அதேதான். செலவு மாறாத ஒன்றுக்காகக் கணக்குத் தலைப்பைப் பெருக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிறுவனம் கம்பெனியாக இருந்தால், ஆண்டறிக்கையில் பங்களிப்புகள் "வைப்பு நிதி மற்றும் பிற நிதிகளுக்கான பங்களிப்பு" என்ற வரியில், ஊழியர் நலச் செலவுகளின் கீழ், சம்பளத்திலிருந்து பிரித்துக் காட்டப்படும். அதற்காகவும் இவற்றைச் சம்பளக் கணக்கோடு கலக்காதீர்கள்.

பொறுப்புப் பக்கத்தில் நான்கு கணக்குகள் வேண்டும்: பி.எஃப். ஊழியர் பங்கு செலுத்த வேண்டியது, பி.எஃப். நிறுவனப் பங்கு செலுத்த வேண்டியது, இ.எஸ்.ஐ. ஊழியர் பங்கு செலுத்த வேண்டியது, இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு செலுத்த வேண்டியது. இவை நான்கும் நடப்புப் பொறுப்புகளின் கீழ் வரும். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். ஊழியர் பங்கையும் நிறுவனப் பங்கையும் ஒரே பொறுப்புக் கணக்கில் போட்டால் மாதம் ஓடிவிடும். ஆனால் வருமான வரிக் கணக்கு போடும் நாளில் இரண்டையும் பிரித்தெடுக்கத் திணற வேண்டியிருக்கும். காரணத்தை 6ஆம் படியில் சொல்கிறேன்.

டேலி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. சம்பளத் தலைப்பு உருவாக்கும்போது நிறுவனத்தின் பி.எஃப்., ஓய்வூதியம், இ.எஸ்.ஐ. பங்குகளுக்கு `Employer's Statutory Contributions` என்ற வகையையும், இணைப்புக் காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் `Employer's Other Charges` என்ற வகையையும் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் `Employees' Statutory Deductions` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நிறுவனம் போட வேண்டிய பணம் ஊழியரின் கைச்சம்பளத்திலிருந்து கழிந்துவிடும். கைக்கு வரும் சம்பளம் குறைந்தது ஏன் என்று முதலில் கேட்பவர் ஊழியராகத்தான் இருப்பார். நிறுவனப் பங்கை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படியும் தவறு.

## 3. ஒரு மாதக் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள்

20 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பிரிவில் 12 பேர். ஒவ்வொருவருக்கும் அடிப்படையும் அகவிலைப்படியும் 12,000 ரூபாய், மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய். இரண்டாம் பிரிவில் 6 பேர். அடிப்படையும் அகவிலைப்படியும் 15,000, மொத்தம் 20,000. மூன்றாம் பிரிவில் 2 மேற்பார்வையாளர்கள். அடிப்படையும் அகவிலைப்படியும் 24,000, மொத்தம் 40,000. இந்த இருவரும் பல ஆண்டுகளாக ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர்கள்; அவர்களுக்கு நிறுவனம் வரம்புத் தொகையான 15,000 ரூபாய்க்கு மட்டுமே பி.எஃப். கட்டுகிறது.

மொத்தச் சம்பளம் 3,92,000 ரூபாய். பி.எஃப்.க்கான சம்பளம் 1,44,000, 90,000, 30,000 ஆகியவை சேர்ந்து 2,64,000. ஊழியர் பங்கு அதில் 12 விழுக்காடு, அதாவது 31,680.

நிறுவனப் பங்கும் 31,680தான். அதைப் பிரிக்கும்போது ஒரு சிறு கண்ணி இருக்கிறது. 15,000 ரூபாய்க்கு 8.33 விழுக்காடு 1,249.50, முழு ரூபாயாக்கினால் 1,250. பலர் அடுத்ததாக 3.67 விழுக்காட்டையும் தனியாகப் பெருக்கி, 550.50 என்று கண்டு, அதையும் 551 ஆக்கிவிடுகிறார்கள். இரண்டையும் கூட்டினால் 1,801 வருகிறது. வர வேண்டியதோ 1,800. நம் எடுத்துக்காட்டில் 15,000 ரூபாய் அளவில் 8 பேர் இருப்பதால் மாதம் 8 ரூபாய் வேறுபடும். தொகை சிறிதுதான், ஆனால் பொறுப்புக் கணக்கு ஒருபோதும் பூஜ்யத்துக்கு வராது. எனவே 3.67 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். முதலில் 12 விழுக்காட்டைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து ஓய்வூதியத் தொகையைக் கழியுங்கள், மிஞ்சுவதே வைப்பு நிதிக்குரியது.

அப்படிப் பார்த்தால், முதல் பிரிவில் ஒருவருக்கு ஓய்வூதியம் 1,000, வைப்பு நிதி 440. மற்ற இரு பிரிவுகளிலும் ஒருவருக்கு ஓய்வூதியம் 1,250, வைப்பு நிதி 550. மொத்தத்தில் ஓய்வூதியத்துக்கு 22,000, வைப்பு நிதிக்கு 9,680. இணைப்புக் காப்பீடு 1,320, நிர்வாகக் கட்டணம் 1,320. ஆக பி.எஃப். வகையில் நிறுவனம் ஏற்கும் செலவு 34,320 ரூபாய்.

இ.எஸ்.ஐ.யில் மேற்பார்வையாளர்கள் இருவரும் வரம்புக்கு மேல் இருப்பதால் சேரமாட்டார்கள். மற்ற 18 பேரின் சம்பளம் 3,12,000. ஊழியர் பங்கு முதல் பிரிவில் ஒருவருக்கு 120, இரண்டாம் பிரிவில் 150; மொத்தம் 2,340. நிறுவனப் பங்கு 10,140. இந்த எடுத்துக்காட்டில் எண்கள் முழுதாக வந்துவிட்டன, நடைமுறையில் வராது. ஊழியர் பங்கில் பைசா வந்தால் ஒவ்வொருவருக்கும் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். 15,870 ரூபாய்ச் சம்பளத்துக்கு 119.03 வருகிறது என்றால் பிடிக்க வேண்டியது 120. அருகிலுள்ள ரூபாய் என்று 119 பிடித்தால் சலானோடு ஒத்துப்போகாது.

## 4. மாதக் கடைசி நாளில் இரண்டு பதிவுகள் போடுங்கள்

ஜூன் மாத வேலைக்கான பங்களிப்பு ஜூன் மாதச் செலவு. பணம் ஜூலையில் போகிறது என்பதற்காகச் செலவை ஜூலைக்குத் தள்ளக் கூடாது. ஆகவே 2025 ஜூன் 30ஆம் தேதியிட்டு இரண்டு குறிப்பேட்டுப் பதிவுகள் போட வேண்டும். முதல் பதிவு சம்பளத்துக்கு:

```
சம்பளச் செலவு                       பற்று  3,92,000
  பி.எஃப். ஊழியர் பங்கு செ.வே.      வரவு     31,680
  இ.எஸ்.ஐ. ஊழியர் பங்கு செ.வே.     வரவு      2,340
  நிகரச் சம்பளம் செ.வே.              வரவு   3,57,980
```

"செ.வே." என்பது செலுத்த வேண்டியது என்பதன் சுருக்கம். இந்தப் பதிவில் நிறுவனப் பங்கு எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இரண்டாவது பதிவில் வருகிறது:

```
பி.எஃப். நிறுவனப் பங்கு             பற்று    31,680
இணைப்புக் காப்பீட்டுப் பங்கு         பற்று     1,320
பி.எஃப். நிர்வாகக் கட்டணம்          பற்று     1,320
இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு            பற்று    10,140
  பி.எஃப். நிறுவனப் பங்கு செ.வே.     வரவு    34,320
  இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு செ.வே.    வரவு    10,140
```

இரண்டு பக்கமும் 44,460. ஜூன் மாதத்தில் ஊழியர்களுக்காக நிறுவனம் ஏற்ற உண்மையான செலவு 3,92,000 அன்று, 4,36,460. இரண்டு பதிவுகளையும் ஒரே சீட்டில் சேர்த்துப் போடலாம், தவறில்லை. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் முதல் சில மாதங்களாவது பிரித்தே போடுவது நல்லது. எங்கே பிசகினோம் என்று தேடும்போது எளிதாக இருக்கும்.

வேலைக்கு எடுக்கும்போது நிறுவனப் பங்கையும் சேர்த்து ஆண்டு மொத்தத் தொகையைச் சொல்லும் நிறுவனங்களில் இன்னொரு சிக்கல் வரும். பணி ஆணையில் உள்ள அந்த மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அப்படியே சம்பளச் செலவாக எழுதிவிட்டு, பிறகு இரண்டாவது பதிவையும் போட்டால், நிறுவனப் பங்கு இருமுறை செலவாகும். முதல் பதிவுக்கு எடுக்க வேண்டியது, நிறுவனப் பங்கு கழிந்த மொத்தச் சம்பளம். அந்த எண் சம்பளப் பட்டியலில் இருக்கும். பணி ஆணையில் தேடாதீர்கள்.

## 5. சலானை எடுத்து, ஒப்பிட்டு, பிறகு கட்டுங்கள்

பி.எஃப். இணையதளத்தில் மாத விவரக் கோப்பான இ.சி.ஆரை ஏற்றியதும் சலான் உருவாகும். அதில் தொகை கணக்கு எண் வாரியாகப் பிரிந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் கணக்கு எண் 1-இல் ஊழியர் பங்கும் நிறுவனத்தின் வைப்பு நிதிப் பகுதியும் சேர்ந்து 41,360. கணக்கு எண் 2-இல் நிர்வாகக் கட்டணம் 1,320. கணக்கு எண் 10-இல் ஓய்வூதியம் 22,000. கணக்கு எண் 21-இல் இணைப்புக் காப்பீடு 1,320. கணக்கு எண் 22-இல் இப்போது தொகை எதுவும் இல்லை. மொத்தம் 66,000.

சலானில் உள்ள வரிசைக்கும் உங்கள் பேரேட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் புதியவர்களைக் குழப்புகிறது. கணக்கு எண் 1-இல் இருவர் பணமும் கலந்திருக்கிறது. உங்கள் பேரேட்டிலோ பிரிந்திருக்கிறது. ஆகவே வரிக்கு வரி ஒப்பிட முயலாதீர்கள். 31,680, 34,320 ஆகிய இரண்டு பொறுப்புகளின் கூட்டுத்தொகை 66,000 ஆகிறதா என்று மட்டும் பாருங்கள். நம் எடுத்துக்காட்டைப்போல எல்லோருக்கும் 15,000 வரம்புக்குள்ளேயே கட்டினால், அந்தக் கூட்டுத்தொகை பி.எஃப். சம்பளத்தில் சரியாக 25 விழுக்காடு, அல்லது முழு ரூபாயாக்கியதால் ஓரிரு ரூபாய் மட்டுமே வேறுபடும். 20 பேர் இருந்தாலும் 200 பேர் இருந்தாலும், கட்டுவதற்கு முன் இந்த ஒரு பெருக்கலைச் செய்து பார்ப்பது என் வழக்கம். மொத்தச் சம்பளம் மிகக் குறைவாக இருந்து நிர்வாகக் கட்டணம் 500 ரூபாய் என்ற குறைந்த அளவில் நின்றால், அல்லது வரம்புக்கு மேல் கட்டுபவர்கள் இருந்தால் இந்தச் சமன்பாடு பொருந்தாது. இ.எஸ்.ஐ. சலானுக்கு 4 விழுக்காடு: 3,12,000 ரூபாய்க்கு 12,480.

சலானுக்கும் பேரேட்டுக்கும் வேறுபாடு இருந்தால், கட்டுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஓரிரு ரூபாய் என்றால் முழு ரூபாயாக்கிய வகையில் வந்தது. சலான் தொகையே இறுதி, பேரேட்டைத் திருத்துங்கள். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால், யாரோ ஒருவர் சம்பளப் பட்டியலில் இருந்து இ.சி.ஆரில் விடுபட்டிருப்பார், அல்லது மாத நடுவில் விலகியவருக்கு முழுச் சம்பளம் போயிருக்கும்.

கட்டியதும் போட வேண்டிய பதிவு இது:

```
பி.எஃப். ஊழியர் பங்கு செ.வே.       பற்று    31,680
பி.எஃப். நிறுவனப் பங்கு செ.வே.      பற்று    34,320
  வங்கி                              வரவு    66,000
```

இ.எஸ்.ஐ.க்கும் இதே அமைப்பு: 2,340, 10,140 பற்று, வங்கி 12,480 வரவு. பணம் கட்டும் பதிவில் செலவுக் கணக்கு எதுவும் வரக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓராண்டு தவறியது இங்கேதான்.

சம்பளப் பட்டியல், இ.சி.ஆர். அறிக்கை, பி.எஃப். சலான், பணம் கட்டிய ரசீது, இ.எஸ்.ஐ. மாதப் பங்களிப்பு விவரம், இ.எஸ்.ஐ. சலான் ஆகிய ஆறையும் மாதவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். சலானை அடையாளம் காட்டும் டி.ஆர்.ஆர்.என். எண்ணைப் பதிவின் விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். தணிக்கையின்போது தேடப்படுவது அந்த எண்தான். இணையத்தில் விவரம் ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

## 6. 15ஆம் தேதியைக் கடைசி நாளாக எண்ணாதீர்கள்

இரண்டு தொகைக்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதியே கெடு. பி.எஃப்.க்கு முன்பு இருந்த 5 நாள் சலுகை 2016இல் நீக்கப்பட்டுவிட்டது. நான் 5ஆம் தேதிக்குள் பதிவுகளை முடித்து, 10ஆம் தேதிக்குள் சலான் எடுத்துக் கட்டிவிடுகிறேன். 14ஆம் தேதி இரவில் இணையதளம் எப்படி இருக்கும் என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஊழியர் பங்கையும் நிறுவனப் பங்கையும் தனிப் பொறுப்புகளாக வைக்கச் சொன்னதற்கான காரணம் இங்கே வருகிறது. 2025 ஜூன் மாதத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. நிறுவனப் பங்கு பிரிவு 43B-இன் கீழ் வரும். அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஊழியர் பங்கு பிரிவு 36(1)(va)-இன் கீழ் வரும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சட்டங்கள் சொல்லும் 15ஆம் தேதியைத் தாண்டிவிட்டால் அந்தக் கழிவு நிரந்தரமாகப் போய்விடும். 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

நம் எடுத்துக்காட்டில் ஜூன் மாதத் தொகையை ஜூலை 15க்குப் பதில் 16ஆம் தேதி கட்டியிருந்தால், ஊழியர் பங்கான 31,680, 2,340 ஆகியவை சேர்ந்த 34,020 ரூபாய் நிறுவனத்தின் வருமானத்தில் கூட்டப்பட்டு வரி விதிக்கப்படும். நிறுவனப் பங்குக்கு அந்தப் பாதிப்பு இல்லை. இரண்டையும் ஒரே பொறுப்பில் வைத்திருந்தால், இந்த 34,020 என்ற எண்ணைப் பேரேட்டிலிருந்து நேராக எடுக்க முடியாது.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. பி.எஃப்.க்கு வட்டியோடு இழப்பீடும் சேரும்; அது 2024 ஜூன் 14 முதல் மாதத்துக்கு 1 விழுக்காடு. இவற்றுக்குத் தனிச் செலவுக் கணக்கு திறந்து பதியுங்கள். பங்களிப்புக் கணக்கில் சேர்த்தால், அடுத்த படியில் சொல்லும் விழுக்காட்டுச் சோதனை பயனற்றுப்போகும்.

## 7. மாதம் ஒருமுறை இரண்டு எண்களைப் பாருங்கள்

முதலாவது, 15ஆம் தேதிக்குப் பிறகு நான்கு பொறுப்புக் கணக்குகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மாதக் கடைசி நாளில் அந்த மாதத் தொகை மட்டுமே நிற்க வேண்டும். ஏதாவது ஒன்றில் முந்தைய மாத மிச்சம் தெரிந்தால், அன்றே தேடுங்கள். இரண்டாவது, பி.எஃப். வகைச் செலவுகள் மூன்றையும் கூட்டி பி.எஃப். சம்பளத்தால் வகுத்தால் 13 விழுக்காடு வர வேண்டும்: 2,64,000க்கு 34,320. இ.எஸ்.ஐ. செலவு 3.25 விழுக்காடு. பி.எஃப். விழுக்காடு 13க்குப் பதில் 25 என்று வந்தால், நான் செய்த அதே தவறுதான்.

அந்தத் தவறு கணக்கேட்டில் எப்படித் தெரியும் என்று இந்த எண்களிலேயே காட்டுகிறேன். மாதக் கடைசியில் இரண்டாவது பதிவைப் போடாமல், ஜூலையில் 66,000 முழுவதையும் பி.எஃப். செலவில் பற்று வைத்ததாகக் கொள்ளுங்கள். உண்மையான செலவு 34,320தான். 31,680 ரூபாய் கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது, ஏனெனில் அது சம்பளச் செலவுக்குள் ஏற்கெனவே இருந்தது. மறுபுறம், முதல் பதிவில் வரவு வைத்த ஊழியர் பங்குப் பொறுப்பு தீராமல் நிற்கிறது. மாதம் 31,680 வீதம் அது ஏறிக்கொண்டே போய், 12 மாதச் சலானையும் கட்டி முடித்த பிறகு 3,80,160 ஆகிவிடும். லாபம் அதே அளவு குறைவாகக் காட்டும். பொறுப்புக் கணக்கு மாதந்தோறும் ஒரே அளவில் ஏறுவதைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

திருத்துவது எளிது: மாதந்தோறும் பி.எஃப். ஊழியர் பங்கு செலுத்த வேண்டியதில் 31,680 பற்று, பி.எஃப். செலவில் 31,680 வரவு. பிறகு மிஞ்சிய 34,320ஐ மூன்று செலவுக் கணக்குகளுக்கும் பிரித்து மாற்றுங்கள். ஆண்டுக் கணக்கு முடிந்து கையெழுத்தாகிவிட்டால் இப்படித் திருத்த முடியாது. அது முந்தைய ஆண்டுப் பிழையாக அடுத்த ஆண்டில் காட்டப்பட வேண்டியது, தணிக்கையாளரோடு பேசாமல் கை வைக்காதீர்கள்.

## 8. சம்பள உயர்வு வந்த மாதத்தில் இ.எஸ்.ஐ.யை உடனே நிறுத்தாதீர்கள்

இ.எஸ்.ஐ.க்குப் பங்களிப்புக் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. காலத்தின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவர், நடுவில் சம்பளம் உயர்ந்து 21,000ஐத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை உறுப்பினர்தான். உயர்ந்த முழுச் சம்பளத்தின்மேலும் பங்களிப்பு உண்டு. நம் இரண்டாம் பிரிவில் ஒருவருக்கு ஜூலையில் சம்பளம் 22,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் வரை அவருக்கு ஊழியர் பங்கு 165, நிறுவனப் பங்கு 715 என்று பதிவு தொடர வேண்டும். அக்டோபர் சம்பளத்திலிருந்துதான் இரண்டும் நிற்கும்.

வரம்பைத் தாண்டியதும் தானாக நிறுத்திவிடும்படி சம்பளப் பட்டியலின் சூத்திரத்தை எழுதியிருந்தால் ஜூலை மாதமே அவர் விடுபட்டுவிடுவார். பின்னால் அது தெரியவரும்போது, உரிய மாதத்தில் பிடிக்காத ஊழியர் பங்கையும் பெரும்பாலும் நிறுவனமே ஏற்க நேரிடும். அப்போது அந்த 165 ரூபாயும் ஊழியர் பங்குப் பொறுப்பைத் தீர்க்கும் தொகையாக இல்லாமல், நிறுவனத்தின் செலவாகவே பதிவாகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் உறுப்பினர் பட்டியலைக் கையால் சரிபார்த்து, இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பட்டியலை மாற்றாமல் விட்டுவிடுவதே நான் கண்ட வழி.

மார்ச் மாதத்துக்கும் இதே பதிவுகள்தான். 31ஆம் தேதியிட்ட இரண்டு பதிவுகளும் அந்த ஆண்டிலும், ஏப்ரலில் கட்டும் பதிவு அடுத்த ஆண்டிலும் விழும். மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் நான்கு பொறுப்புகளும் ஒரு மாதத் தொகையோடு நிற்பது சரியே. தணிக்கையாளர் ஏப்ரல் சலானைக் கேட்பார், எடுத்துவையுங்கள்.